லேவியராகமம் 6:5 எந்த வாரத் தோரா பகுதியில் வரும்?

கேள்வி: எங்கள் வேதபாட வகுப்பில் லேவியராகமம் 6:5 பற்றிப் பேச்சு வந்தது. திருடினதையும் ஏமாற்றி வாங்கினதையும் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கூடவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிற வசனம். யூதர்கள் ஜெப ஆலயத்தில் இதை எந்த வாரப் பகுதியில் படிக்கிறார்கள்? நான் பார்த்த பட்டியலில் "சாவ்: லேவியராகமம் 6:1 முதல் 8:36 வரை" என்று இருந்தது. அதனால் சாவ் என்று நினைத்தேன். ஆனால் தெரிந்த யூதர் ஒருவர் "அது வயிக்ரா" என்கிறார். எது சரி? வேறு எந்த வசனத்தைக் கொடுத்தாலும் நானே கண்டுபிடிக்க வழி உண்டா? எந்தத் தேதியில் படிப்பார்கள் என்றும் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்:

அவர் சொன்னதுதான் சரி, வயிக்ரா. நீங்கள் பார்த்த பட்டியலிலும் பிழை இல்லை. அந்தப் பட்டியல் எபிரெய வேதாகமத்தின் வசன எண்களை வைத்துப் போட்டது. உங்கள் கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தின் எண்கள் அந்த இடத்தில் ஏழு வசனம் தள்ளிப் போகின்றன.

எபிரெய வேதாகமத்தில் லேவியராகமம் 5ஆம் அதிகாரத்துக்கு 26 வசனங்கள் உண்டு. தமிழ் வேதாகமத்தில் அதே அதிகாரம் 19ஆம் வசனத்தோடு முடிந்துவிடும். மீதி ஏழும் நமக்கு 6:1 முதல் 6:7 வரை ஆகிவிடுகின்றன. ஆகவே நீங்கள் 6:5 என்று படிப்பது எபிரெயத்தில் 5:24. வயிக்ரா பகுதி 1:1இல் தொடங்கி 5:26இல் முடிகிறது, அதனால் உங்கள் வசனம் அதன் கடைசிக்குச் சற்று முன்னால் வந்து விழுகிறது. பட்டியல் சொல்லும் "சாவ் 6:1" தமிழ் வேதாகமத்தில் 6:8.

எண்களை நம்பத் தயக்கமாக இருந்தால் வசனங்களையே படித்துப் பாருங்கள். 6:7 வரை பேச்சு எல்லா ஜனங்களுக்குமானது: ஒருவன் அயலானை ஏமாற்றினால் என்ன செய்ய வேண்டும், என்ன பலி கொண்டுவர வேண்டும் என்று போகிறது. 5ஆம் அதிகாரத்தின் பின்பாதியில் தொடங்கிய குற்றநிவாரண பலியின் தொடர்ச்சிதான் இது. 6:8க்கு வந்ததும் கேட்பவர்கள் மாறிவிடுகிறார்கள். ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும், சர்வாங்க தகனபலியை இராமுழுதும் பலிபீடத்தில் எப்படி வைத்திருக்க வேண்டும் என்ற ஆசாரியர் விதிகள் ஆரம்பிக்கின்றன. ஜெப ஆலய வாசிப்பு அந்த மடிப்பில் வெட்டுகிறது. நம் அதிகாரப் பிரிப்பு ஏழு வசனம் முன்னதாக வெட்டுகிறது. இந்த இடத்தில் எபிரெயப் பிரிப்பே பொருளோடு சரியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு? வாரப் பகுதிகள் மிகப் பழையவை. தோரா சுருளில் அதிகார எண்ணோ வசன எண்ணோ கிடையாது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பது வாசிப்பு மரபிலிருந்து வருகிறது. நாம் பயன்படுத்தும் அதிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டில் லத்தீன் வேதாகமத்துக்காகப் பிரிக்கப்பட்டவை. அந்த வேலையைப் பொதுவாக ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். பிற்பாடு யூதர்களும் வசதிக்காக அந்த அதிகாரங்களை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டபோது சில இடங்களில் கோடு சில வசனங்கள் இப்படி அப்படி நகர்ந்துவிட்டது.

சரி, இனி எந்த வசனத்துக்கும் பொருந்தும் வழி. ஆண்டுச் சுழற்சியில் மொத்தம் 54 பகுதிகள். ஒரு பகுதியை எபிரெயத்தில் பாராஷா என்பார்கள். ஆதியாகமத்தில் 12, யாத்திராகமத்தில் 11, லேவியராகமத்திலும் எண்ணாகமத்திலும் பத்துப் பத்து, உபாகமத்தில் 11. இவை இடைவெளியே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், ஒவ்வொரு பகுதியின் தொடக்க வசனம் மட்டும் தெரிந்தால் போதும், முடிவு தேவையில்லை. உங்கள் வசனத்துக்கு முன்னால் கடைசியாக எந்தத் தொடக்கம் வருகிறதோ, அதுவே அந்த வசனத்தின் பகுதி.

லேவியராகமத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வேதாகம எண்களில் தொடக்கங்கள் இப்படி வரும்: வயிக்ரா 1:1, சாவ் 6:8, ஷெமினி 9:1, தஸ்ரியா 12:1, மெட்சோரா 14:1, அஹரே மோத் 16:1, கெதோஷிம் 19:1, எமோர் 21:1, பெஹர் 25:1, பெஹுக்கோத்தாய் 26:3. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும்" என்று வரும் 19:18ஐத் தேடினால், அதற்கு முன்னால் கடைசியாக இருக்கும் தொடக்கம் 19:1. ஆக அது கெதோஷிம். 26:1ஐத் தேடினால் கவனமாக இருக்க வேண்டும். 26ஆம் அதிகாரம் என்றதும் பெஹுக்கோத்தாய் என்று கை போய்விடும், ஆனால் அந்தப் பகுதி மூன்றாம் வசனத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டு வசனங்களும் பெஹரைச் சேர்ந்தவை.

லேவியராகமத்தில் பத்தில் எட்டுப் பகுதிகள் அதிகாரத் தொடக்கத்திலேயே ஆரம்பிப்பதால் இந்தப் புத்தகம் சுலபம். உபாகமம் அப்படி இல்லை. அங்கே பதினொன்றில் ஆறு பகுதிகள் அதிகாரத்தின் நடுவில் தொடங்குகின்றன. "இஸ்ரவேலே, கேள்" என்கிற 6:4, 3:23இல் தொடங்கும் வாஎத்ஹனனில் வருகிறது. 7:12இல் எகெவ் ஆரம்பித்துவிடும். அதனால் உபாகமம் 7ஆம் அதிகாரம் எந்தப் பகுதி என்று யாராவது கேட்டால், எந்த வசனம் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

பட்டியல்களில் பெயரை வைத்துத் தேடாமல் வசன எண்ணை வைத்துத் தேடுங்கள். சாவ், ட்சாவ், த்சாவ் என்று ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் உச்சரிப்பும் சேர்ந்துவிட்டால் ஒரே பகுதி இரண்டு பகுதிகள் போலத் தோன்றும்.

இப்போது எண் வேறுபாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. உங்கள் கையில் இருக்கும் வேதாகமமோ பட்டியலோ எந்த எண்முறையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஆதியாகமம் 31ஆம் அதிகாரம் எத்தனை வசனத்தில் முடிகிறது என்று பாருங்கள். 55 என்றால் தமிழ் பழைய மொழிபெயர்ப்பின் எண்முறை, 54 என்றால் எபிரெய எண்முறை. பட்டியலாக இருந்தால் சாவ் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே போதும். 6:1 என்று இருந்தால் எபிரெய எண், 6:8 என்று இருந்தால் நம் எண்.

ஐந்து ஆகமங்களிலும் எண் மாறும் இடங்கள் பல உண்டு. யாத்திராகமம் 8ஆம் அதிகாரம், 22ஆம் அதிகாரம், எண்ணாகமம் 16, 17, உபாகமம் 12, 22 என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே பகுதியின் நடுவில் வருகின்றன. எண்ணாகமம் 16:41 எபிரெயத்தில் 17:6. இரண்டுமே கோராகு பகுதிக்குள்தான் இருக்கின்றன, அதனால் எந்த எண்ணை வைத்துத் தேடினாலும் விடை ஒன்றே. எண் மாற்றம் பகுதியின் எல்லையிலேயே வந்து விழும் இடங்களில் மட்டும்தான் விடை தப்பாகும். அப்படிப்பட்ட இடங்கள் ஐந்தே ஐந்து.

ஒன்று உங்கள் வசனம் இருக்கும் லேவியராகமம் 6:1–7. அடுத்தது ஆதியாகமம் 32:3, யாக்கோபு தன் சகோதரன் ஏசாவிடம் ஆட்களை அனுப்பும் வசனம். எபிரெய எண்ணில் அது 32:4, வயிஷ்லாஹ் பகுதியின் முதல் வசனமே அதுதான். வயெட்சே 32:3 வரை என்று பட்டியல் சொல்வதைப் பார்த்து, தமிழ் வேதாகமத்தை வைத்திருப்பவர் அதை முந்தின வாரத்தில் சேர்த்துவிடுவார். மூன்றாவது எண்ணாகமம் 30:1. பொருத்தனைகளைப் பற்றி மோசே கோத்திரத் தலைவர்களிடம் பேசத் தொடங்கும் இந்த வசனம் எபிரெயத்தில் 30:2, மத்தோத் பகுதியின் தொடக்கம். பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் பின்ஹாஸ் என்று வரும். நான்காவது உபாகமம் 29:9. எபிரெயத்தில் அது 29:8, கீ தாவோ பகுதியின் கடைசி வசனம். பட்டியலில் நிட்சாவிம் 29:9இல் தொடங்குவதாக இருப்பதால் ஒரு வசனம் அந்தப் பக்கம் தாவிவிடும்.

ஐந்தாவது கொஞ்சம் வேறு மாதிரி. யாத்திராகமம் 20இல் பத்துக் கட்டளைகளின் நான்கு சிறிய கட்டளைகள் எபிரெய எண்ணில் ஒரே வசனமாக வருகின்றன. அதனால் நமக்கு 26 வசனமுள்ள அந்த அதிகாரம் அங்கே 23இலேயே முடிந்துவிடும். யித்ரோ பகுதி 20:23 வரை, அடுத்த மிஷ்பாத்திம் 21:1 முதல் என்று பட்டியலில் இருக்கும். மண்ணால் பலிபீடம் செய்வதைப் பற்றிய தமிழ் 20:24ஐத் தேடினால் அது எந்தப் பகுதியிலும் இல்லாதது போலத் தெரியும். அது யித்ரோதான். தொடக்கங்களை மட்டும் வைத்துத் தேடினால் இந்தக் குழப்பமே வராது.

இணையத்தில் சரிபார்க்க விரும்பினால் `Sefaria` தளத்தில் தேடலாம். அது எபிரெய எண்முறையைப் பின்பற்றுவதால் உங்கள் வசனத்தை `Leviticus 5:24` என்றுதான் அங்கே கொடுக்க வேண்டும். `Leviticus 6:5` என்று கொடுத்தால் பலிபீடத்து அக்கினி அவியக் கூடாது என்கிற வேறொரு வசனம் வந்து நிற்கும். எந்த எண்ணைக் கொடுத்தாலும், திரையில் வரும் வசனத்தின் பொருள் உங்கள் வேதாகமத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து தேதி. பகுதி தெரிந்த பிறகு தேதியை `Hebcal` தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருந்தால், கிடைத்த தேதி சரிதானா என்று நீங்களே உணர முடியும்.

சுழற்சி ஒவ்வோர் ஆண்டும் கூடாரப் பண்டிகையை அடுத்து வரும் சிம்ஹாத் தோரா நாளில் முடிந்து, அன்றே மறுபடி தொடங்குகிறது. கடைசிப் பகுதியான வெஸோத் ஹபெராகா அந்தப் பண்டிகை நாளுக்கு உரியது, அதற்கென்று தனியாக ஓர் ஓய்வுநாள் இல்லை. மீதி 53 பகுதிகளை ஓய்வுநாட்களில் முடிக்க வேண்டும். சாதாரண எபிரெய ஆண்டில் ஓய்வுநாட்கள் 50 அல்லது 51தான். அவற்றிலும் சில பண்டிகைகளோடு மோதினால் அன்றைக்குப் பண்டிகைக்குரிய வாசிப்பு வந்துவிடும், வாரப் பகுதி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். இந்தக் குறையைச் சரிக்கட்ட இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஒரே வாரத்தில் படிப்பார்கள். எல்லாவற்றையும் இப்படிச் சேர்ப்பதில்லை. தஸ்ரியாவும் மெட்சோராவும், அஹரே மோத்தும் கெதோஷிமும், பெஹரும் பெஹுக்கோத்தாயும் என்று லேவியராகமத்தில் மூன்று ஜோடிகள், மற்ற ஆகமங்களில் நான்கு, மொத்தம் ஏழு ஜோடிகள்தான் உண்டு. பதின்மூன்று மாதங்கள் வரும் ஆண்டில் ஓய்வுநாட்கள் கூடுவதால் பெரும்பாலான ஜோடிகள் பிரிந்துவிடும். வயிக்ரா எந்த ஆண்டிலும் எதோடும் சேராது. அந்த வகையில் உங்கள் வசனத்துக்குச் சிக்கல் இல்லை.

சாதாரண ஆண்டில் பஸ்காவுக்கு முந்தின ஓய்வுநாளில் சாவ் வரும்படி வாசிப்பை அமைத்திருக்கிறார்கள். அப்படியானால் வயிக்ரா அதற்கும் ஒரு வாரம் முன்னால். 2025இல் பஸ்கா ஏப்ரல் 12 மாலை தொடங்கியது. சாவ் அன்று காலையிலும், வயிக்ரா ஏப்ரல் 5 அன்றும் வந்தன. 2026இல் பஸ்காவின் முதல் நாள் ஏப்ரல் 2, வியாழன். அதற்கு முந்தின சனி மார்ச் 28 சாவ், மார்ச் 21 வயிக்ரா. 2024 பதின்மூன்று மாத ஆண்டு. அதில் வயிக்ரா மார்ச் 23 அன்று வந்தது, பஸ்காவோ அதற்கு ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது. ஆகவே பஸ்காவிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது, அந்த ஆண்டுக்கு எத்தனை மாதம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வசனம் பகுதியின் கடைசியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வுநாள் காலையில் ஒரு பகுதியை ஏழு பேருக்குப் பங்கிட்டு அழைப்பார்கள். ஒவ்வொரு பங்குக்கும் அலியா என்று பெயர். வயிக்ராவின் ஏழாம் அலியா எபிரெய எண்ணில் 5:11 முதல் 5:26 வரை. உங்கள் வசனம் அதில்தான். அடுத்து வரப்போகும் பகுதியின் ஆரம்பத்தை முந்தின ஓய்வுநாள் மாலையிலும் திங்கள், வியாழன் காலைகளிலும் சிறிதளவு படிப்பது வழக்கம். ஆனால் அந்தச் சிறு வாசிப்பு பகுதியின் தொடக்க வசனங்களோடு நின்றுவிடும். அதனால் 6:5 சனிக்கிழமை காலையில் மட்டும்தான் காதில் விழும். சீர்திருத்த யூத சபைகளிலும் கன்சர்வேட்டிவ் சபைகள் பலவற்றிலும் வாரப் பகுதியின் பெயர் அதேதான் என்றாலும், அன்று முழுவதையும் படிக்காமல் மூன்றில் ஒரு பங்கையோ தேர்ந்தெடுத்த சில வசனங்களையோ மட்டும் படிப்பார்கள். அங்கே உங்கள் வசனம் எல்லா ஆண்டும் வரும் என்று சொல்ல முடியாது.

ஒரே வசனம் தன் பகுதிக்கு வெளியேயும் வாசிக்கப்படலாம் என்பதையும் கவனியுங்கள். அமலேக்கு செய்ததை நினைத்திரு என்கிற உபாகமம் 25:17–19, கீ தெட்சே பகுதியைச் சேர்ந்தது. 2024இல் அந்தப் பகுதி செப்டம்பர் 14 அன்று வந்தது. ஆனால் பூரிம் பண்டிகைக்கு முந்தின ஓய்வுநாளில் இந்த மூன்று வசனங்களையும் இரண்டாவது சுருளிலிருந்து படிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு அந்த ஓய்வுநாள் மார்ச் 23, அதாவது வயிக்ராவின் நாள். அன்று ஜெப ஆலயத்தில் இருந்த ஒருவர் "இந்த வசனத்தை வயிக்ரா வாரத்தில் கேட்டேன்" என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த வசனத்தின் பகுதி கீ தெட்சேதான். லேவியராகமம் 16 பாவநிவாரண நாளிலும், ஆதியாகமம் 22 புத்தாண்டின் இரண்டாம் நாளிலும் இதே மாதிரி தங்கள் வாரத்துக்கு வெளியே வருகின்றன. "எந்தப் பகுதி" என்ற கேள்வியையும் "எப்போது படிப்பார்கள்" என்ற கேள்வியையும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி விஷயத்தில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. இஸ்ரவேல் நாட்டில் பஸ்கா ஏழு நாள், வாரங்களின் பண்டிகை ஒரு நாள். மற்ற நாடுகளில் மரபுவழி யூதர்கள் இரண்டுக்கும் ஒரு நாள் கூட்டி அனுசரிப்பார்கள். அந்தக் கூடுதல் நாள் சனிக்கிழமையில் விழுந்தால், வெளிநாட்டில் அன்று பண்டிகை வாசிப்பு, இஸ்ரவேலில் வழக்கமான வாரப் பகுதி. அங்கிருந்து இரண்டு தரப்பும் ஒரு வாரம் விலகியே நடக்கும். 2026இல் இது நடக்கிறது. வாரங்களின் பண்டிகையின் இரண்டாம் நாள் மே 23, சனி. அன்று இஸ்ரவேலில் நாசோ, வெளிநாட்டில் நாசோ மே 30. வேவுகாரரை அனுப்பும் எண்ணாகமம் 13ஐ எடுத்துக்கொண்டால் அது ஷெலாஹ் பகுதி. எருசலேமில் ஜூன் 6, லண்டனில் ஜூன் 13. ஜூன் 27 அன்று வெளிநாட்டில் ஹுக்காத், பாலாக் இரண்டையும் சேர்த்துப் படித்து, பாலாக் மட்டும் படிக்கும் இஸ்ரவேலை எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆகவே `Hebcal` தளத்தில் `Israel` அல்லது `Diaspora` எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்த பிறகே தேதியை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வசனத்தை இது தொடாது, ஏனென்றால் இந்த விலகல் பஸ்காவின் முடிவிலிருந்தோ அதற்குப் பிறகோதான் தொடங்கும், வயிக்ராவோ எப்போதும் பஸ்காவுக்கு முன்னால் வந்துவிடும்.

வகுப்பில் அடுத்து யாராவது ஏசாயாவிலிருந்தோ சங்கீதத்திலிருந்தோ ஒரு வசனத்தைச் சொல்லி எந்தப் பகுதி என்று கேட்கலாம். இந்த 54 பகுதிகளும் ஐந்து ஆகமங்களுக்கு மட்டுமே உரியவை. தீர்க்கதரிசன நூல்களிலிருந்து வாராவாரம் ஹஃப்தாரா என்று ஒரு துணை வாசிப்பு உண்டு, ஆனால் அது தேர்ந்தெடுத்த துண்டுகள்தான், தொடர்ச்சி கிடையாது. ஷோஃப்திம் வாரத்தில் ஏசாயா 51:12 முதல் 52:12 வரை படிக்கிறார்கள், அடுத்த கீ தெட்சே வாரத்தில் 54ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்கள். நடுவில் இருக்கும் 53ஆம் அதிகாரம் ஆண்டு வாசிப்பில் எங்கும் வருவதில்லை. அந்த நூல்களுக்குத் தொடக்கங்களை வைத்துத் தேடும் வழி பலிக்காது. ஹஃப்தாரா பட்டியலில் அந்த வசனம் இருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். சபைக்குச் சபை அந்தப் பட்டியலும் சில வாரங்களில் மாறும்.